துள்ளும் சைனும் இரண்டு போலீஸ்காரர்களும்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கால்குலேட்டரும் கையுமாக வந்து நின்றாள். "சார், இந்தக் கணக்குக்கு எல்லை மதிப்பே இல்லைன்னு புத்தகத்துல போட்டிருக்கு. எனக்கு வருதே!" என்றாள்.

கணக்கு இதுதான்: x என்ற எண் பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போனால், sin(1/x) எந்த எண்ணை நெருங்கும்?

என் எதிரிலேயே போட்டுக் காட்டினாள். x-க்கு 0.001 என்று எடுத்துக்கொண்டால் 1/x என்பது 1000. சைன் பொத்தானை அழுத்தினாள், −0.9848 என்று வந்தது. அடுத்து 0.0001, அப்போதும் −0.9848. அதற்கடுத்து 0.00001, மறுபடியும் அதே −0.9848. "எத்தனை சைபர் சேர்த்தாலும் மாறமாட்டேங்குது சார்" என்றாள். அவள் சொன்னது உண்மை. அந்தக் கால்குலேட்டரில் அவள் போன வழியில் எவ்வளவு தூரம் போனாலும் அதே எண்தான் வரும்.

காரணத்தைப் பிறகுதான் பார்த்தோம். கால்குலேட்டர் பாகைக் கணக்கில் இருந்தது. 1000 பாகை என்றால் இரண்டு முழுச் சுற்றுக்கு 720 போக மிச்சம் 280 பாகை. 10000 பாகை என்றால் 27 சுற்றுக்கு 9720 போக மிச்சம் அதே 280. இனிமேலும் அப்படித்தான்: 280-ஐப் பத்தால் பெருக்கினால் 2800, அதில் ஏழு சுற்றுக்கு 2520 போனால் திரும்பவும் 280. அவள் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போன ஒவ்வொரு முறையும் வட்டத்தில் ஒரே இடத்தில்தான் வந்து இறங்கினாள். 280 பாகையின் சைன் −0.9848.

"இப்ப 0.0002 போடு" என்றேன். 1/x என்பது 5000. விடை −0.6428. 0.00002 போட்டாள், −0.6428. 0.000002-க்கும் அதேதான். அவள் முகம் மாறியது. பூச்சியத்தை நோக்கி ஒரு வழியாகப் போனால் −0.9848, இன்னொரு வழியாகப் போனால் −0.6428. எல்லை என்று ஒன்று இருக்குமானால் எந்த வழியாகப் போனாலும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். இரண்டு வழி இரண்டு ஊருக்குப் போகிறது என்றால் எல்லை இல்லை என்று பொருள். புத்தகம் சொன்னதை அவளுடைய கால்குலேட்டரே நிரூபித்துவிட்டது.

இந்தச் சார்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். இனிமேல் கோணத்தை ரேடியனில் வைத்துக்கொள்வோம். கணிதத்தில் அதுதான் வழக்கம். x சிறியதாக ஆக ஆக 1/x பெரியதாகிக்கொண்டே போகிறது. சைன் சார்போ, உள்ளே போகும் எண் பெரியதாகப் பெரியதாக மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கும், ஓயாது. அதனால் 1-க்கும் 0.1-க்கும் இடையில் sin(1/x)-இன் வரைபடம் கிடைமட்டக் கோட்டை மூன்று முறைதான் வெட்டுகிறது. 0.1-க்கும் 0.01-க்கும் இடையில் 28 முறை வெட்டுகிறது. 0.01-க்கும் 0.001-க்கும் இடையில் 287 முறை. இடம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது, அலையின் எண்ணிக்கையோ சுமார் பத்து மடங்காகிறது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு சின்ன இடத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் முடிவில்லாத அலைகள் அடைந்து கிடக்கும். ஒவ்வோர் அலையும் +1 வரை ஏறி −1 வரை இறங்கும். பிரெஞ்சுக் கணித மேதை கோஷி 1821-இல் வெளியிட்ட பாடநூலிலேயே இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்: x மறையும்போது இந்தச் சார்பு −1-க்கும் +1-க்கும் இடைப்பட்ட எல்லா எண்களையும் நெருங்கக்கூடியது என்று.

இப்போது இதே சார்பை x-ஆல் பெருக்குவோம். x sin(1/x). x பூச்சியத்தை நெருங்கும்போது இது எங்கே போகும்?

விடை 0. இதைப் பெரும்பாலான மாணவர்கள் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் விடைத்தாள் திருத்தும்போது நான் சிவப்பு மையைத் தொட வேண்டிவருவது அதற்கு மேலே உள்ள வரியில்தான். பெருக்கலின் எல்லை எல்லைகளின் பெருக்கல் என்று எழுதி, x-இன் எல்லை 0, பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியம், ஆகவே விடை 0 என்று முடித்திருப்பார்கள். விடைக்கு மதிப்பெண் உண்டு, வழிக்குக் கிடையாது.

ஏன் கிடையாது? பெருக்கலின் எல்லையைப் பிரித்து எழுதலாம் என்ற விதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டு எல்லைகளும் முதலில் இருக்க வேண்டும். sin(1/x)-க்கு எல்லை கிடையாது என்று இப்போதுதான் பார்த்தோம். இல்லாத ஒன்றைப் பூச்சியத்தால் பெருக்குவது எப்படி? "பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும்" என்பதில் உள்ள "எது" ஓர் எண்ணாக இருந்தாக வேண்டும்.

இது வெறும் சட்டப்பிடிப்பு என்று தோன்றினால், x-ஐ 1/x-ஆல் பெருக்கிப் பாருங்கள். இங்கேயும் முதல் காரணி பூச்சியத்தை நோக்கிப் போகிறது. இரண்டாவதற்கு எல்லை இல்லை. மாணவர்களின் வாதப்படி விடை 0 வர வேண்டும். ஆனால் x-ஐ எவ்வளவு சின்னதாக எடுத்தாலும் பெருக்கல் 1 என்றே நிற்கிறது. ஒரு காரணி எந்த வேகத்தில் தேய்கிறதோ அதே வேகத்தில் மற்றது வளர்ந்து ஈடுகட்டிவிடுகிறது. x என்பது பூச்சியத்தை நெருங்குகிற எண்தான், பூச்சியமே ஆகிவிட்ட எண் இல்லை. அதன் பக்கத்தில் நிற்பது என்ன செய்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

sin(1/x) என்ன செய்கிறது? துள்ளுகிறது, நிலைகொள்ளாமல் ஆடுகிறது. ஆனால் வளரவில்லை. அதனிடம் நாம் நம்பக்கூடிய ஒரே குணம் இதுதான்: எவ்வளவு வேகமாக ஆடினாலும் +1-ஐத் தாண்டி மேலே போகாது, −1-ஐத் தாண்டிக் கீழே போகாது. இப்படிப்பட்டதை வரம்புக்குட்பட்ட சார்பு என்பார்கள். இந்த ஒரு குணமே போதும். எந்த நொடியில் அது மேலே இருக்கிறது, எந்த நொடியில் கீழே இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

x-ஐ 0.01 என்று வைத்துக்கொள்ளுங்கள். sin(100) எவ்வளவு என்று தெரியாது. தெரியாமல் இருக்கட்டும். அது −1-க்கும் 1-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, ஆகவே 0.01-ஆல் பெருக்கினால் −0.01-க்கும் 0.01-க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் sin(100) என்பது −0.506, பெருக்கல் −0.00506. சொன்ன இடத்துக்குள்தான் இருக்கிறது. x-ஐ 0.001 ஆக்கினால் சைன் 0.827-க்கு எகிறுகிறது, பெருக்கலோ 0.000827. 0.0001-க்குச் சைன் −0.306, பெருக்கல் −0.0000306. சைனின் மதிப்பு குறி மாறிக் குதிக்கிறது. பெருக்கலும் கூடவே குதிக்கிறது, ஆனால் குதிக்க இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

படமாக வரைந்தால் இன்னும் தெளிவாகும். y = x என்ற சாய்கோட்டையும் y = −x என்ற சாய்கோட்டையும் வரையுங்கள். அவை பூச்சியத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வலப்பக்கம் பார்த்தால் படுக்கவைத்த புனல்போல இருக்கும்: தூரத்தில் வாய் அகன்று, பூச்சியத்தில் கூர்ந்து முடியும். x sin(1/x)-இன் வளைவு அந்தப் புனலுக்குள் மேல் சுவரையும் கீழ்ச் சுவரையும் மாறிமாறித் தொட்டுக்கொண்டு உள்ளே வருகிறது. ஒருபோதும் சுவரைத் தாண்டுவதில்லை. இரண்டு சுவரும் ஒரே புள்ளியில் முடிவதால் வளைவுக்கும் அங்கே வந்து சேருவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதைத்தான் சாண்ட்விச் தேற்றம் என்கிறோம். ஒரு சார்பு இரண்டு சார்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, அந்த இரண்டும் ஒரே எல்லையை அடைந்தால், நடுவில் உள்ளதும் அதே எல்லையை அடைந்தே தீரும். நம் ஊரில் ரொட்டிக்கு நடுவே வைத்ததைப் பெயராக்கிவிட்டோம். எனக்கு இத்தாலிக்காரர்களின் பெயர்தான் பிடித்திருக்கிறது. அவர்கள் இதை "இரண்டு போலீஸ்காரர் தேற்றம்" என்கிறார்கள். பிரான்சிலும் ரஷ்யாவிலும்கூட இது போலீஸ்காரர்களின் தேற்றம்தான். இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவனை நடுவில் விட்டு இருபுறமும் பிடித்துக்கொண்டு ஒரே ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். நடுவில் இருப்பவன் குடித்துவிட்டுத் தள்ளாடினாலும் அந்த ஸ்டேஷனுக்குத்தான் போய்ச் சேருவான். நம்முடைய sin(1/x) தள்ளாடுகிற ஆள். அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று போலீஸ்காரர்கள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இடைவெளியைக் குறைத்துக்கொண்டே நடந்தால் போதும்.

எழுதும்போது ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். சைன் −1-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறது என்று எழுதி, எல்லாவற்றையும் x-ஆல் பெருக்கி, −x-க்கும் x-க்கும் இடையில் x sin(1/x) என்று எழுதிவிடுவது வழக்கம். x மிகை எண்ணாக இருக்கும்வரை அது சரி. x என்பது −0.1 ஆக இருந்தால் என்ன ஆகும்? அந்த வரி 0.1-ஐவிடப் பெரியதாகவும் −0.1-ஐவிடச் சிறியதாகவும் ஓர் எண் இருப்பதாகச் சொல்கிறது. அப்படி எண்ணே கிடையாது. குறை எண்ணால் பெருக்கும்போது சமனின்மையின் திசை திரும்பிவிடும் என்பதை மறந்ததால் வந்த வினை இது. பூச்சியத்தை நாம் இரண்டு பக்கமிருந்தும் நெருங்க வேண்டியிருப்பதால் இதை ஒதுக்கிவிடவும் முடியாது. மருந்து எளிது: x-க்குப் பதிலாக அதன் மட்டு மதிப்பைச் சுவராக வையுங்கள்.

−|x| ≤ x sin(1/x) ≤ |x|

இரண்டு பக்கச் சுவரும் பூச்சியத்தில் 0-ஐ அடைகின்றன. நடுவில் உள்ளதும் 0-ஐ அடைகிறது. கணக்கு முடிந்தது. இந்த ஒற்றை வரி இன்னொன்றையும் இலவசமாகத் தருகிறது. பெருக்கலின் பிழை 0.001-க்குள் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், x-ஐ 0.001-க்குள் வைத்துக்கொள் என்று உடனே சொல்லிவிடலாம். சைனை ஒருமுறைகூடக் கணக்கிடத் தேவையில்லை.

எந்தச் சார்புக்கு இந்த வழி பொருந்தும் என்று சோதிக்க ஒரு கேள்வி போதும்: "இதைத் தாண்டாது" என்று ஓர் எண்ணை நம்மால் சொல்ல முடியுமா? அந்த எண் 1 ஆக இருக்க வேண்டும் என்பதில்லை. 5 sin(1/x) − 3 cos(1/x²) என்ற சிக்கலான சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி 5-ஐத் தாண்டாது, இரண்டாவது 3-ஐத் தாண்டாது, ஆக மொத்தம் 8-ஐத் தாண்டாது. உண்மையில் அது 8 வரை போகிறதா என்றுகூடப் பார்க்க வேண்டாம். x-ஆல் பெருக்கினால் சுவர்கள் 8|x|, −8|x|. இரண்டும் 0-வுக்குப் போகின்றன. 8-க்குப் பதில் ஆயிரம் என்று தாராளமாகச் சொல்லியிருந்தாலும் முடிவு இதேதான்.

எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் இந்த வழி மூடிவிடுகிறது. x tan(1/x) பார்ப்பதற்கு x sin(1/x)-இன் தம்பி போலவே இருக்கிறது. பரீட்சை அவசரத்தில் இதற்கும் 0 என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் டேன் ஆடும்போது கூடவே வளரவும் செய்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் முடிவிலியை நோக்கி ஏறி, மறுபுறம் கழித்தல் முடிவிலியிலிருந்து திரும்ப வருகிறது. x 0.001 அளவில் இருக்கும் இடத்தில் டேன் பத்து லட்சத்தைத் தொடும் புள்ளியும் உண்டு. அங்கே பெருக்கல் ஆயிரத்தைத் தொடுகிறது. x-ஐ இன்னும் சிறியதாக்கினால் டேன் இன்னும் பெரியதாகும் புள்ளி அங்கேயும் இருக்கும். அதனால் x tan(1/x)-க்குப் பூச்சியத்தில் எல்லை இல்லை.

சுவர்கள் இருந்தும் உதவாத நிலையும் உண்டு. sin(1/x) தனியாக நிற்கும்போது −1, 1 என்ற இரண்டு சுவர்கள் அதற்கு இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு போலீஸ்காரர் −1 என்ற ஸ்டேஷனுக்கும் மற்றவர் 1 என்ற ஸ்டேஷனுக்கும் போகிறார்கள். அப்போது தேற்றம் எதையும் சொல்வதில்லை, "எல்லை இல்லை" என்றுகூடச் சொல்வதில்லை. எல்லை இல்லை என்று காட்ட வேண்டுமானால் அந்த மாணவியின் கால்குலேட்டர் காட்டியது போல இரண்டு வழிகளைத் தனியாகத்தான் காட்ட வேண்டும்.

இந்தச் சின்னக் கருவியின் உண்மையான வலிமை வகைக்கெழுவுக்கு வரும்போது தெரியும். பூச்சியத்தில் மதிப்பு 0 என்று வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் x² sin(1/x) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். இதன் சுவர்கள் x², −x² என்ற இரண்டு பரவளைவுகள். பூச்சியத்தில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு படுத்திருக்கின்றன. பூச்சியத்தில் இந்தச் சார்பின் சாய்வு என்ன? வரையறைப்படி, சார்பின் மதிப்பை x-ஆல் வகுத்து எல்லை காண வேண்டும். வகுத்தால் மிஞ்சுவது x sin(1/x). அதன் எல்லை 0 என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே சாய்வு 0, தொடுகோடு கிடைமட்டம்.

ஆனால் வகைக்கெழு விதிகளைக் கொண்டு மற்ற இடங்களில் சாய்வைக் கண்டால் 2x sin(1/x) − cos(1/x) என்று வருகிறது. இதன் முதல் பகுதியை நம் தேற்றம் பூச்சியத்துக்கு அனுப்பிவிடும். இரண்டாவது பகுதியைத் தணிக்க எந்தக் காரணியும் இல்லை; அது −1-க்கும் 1-க்கும் இடையே ஓயாமல் ஆடுகிறது. பூச்சியத்துக்கு எவ்வளவு அருகிலும் சாய்வு +1 ஆக இருக்கும் புள்ளிகளும் −1 ஆக இருக்கும் புள்ளிகளும் இருக்கின்றன. பூச்சியத்தில் மட்டும் 0. அதாவது எல்லா இடத்திலும் வகைக்கெழு இருக்கிறது, ஆனால் அந்த வகைக்கெழு பூச்சியத்தில் தொடர்ச்சியாக இல்லை. பக்கத்துப் புள்ளிகளின் சாய்வுக்கு எல்லை கண்டு பூச்சியத்தில் சாய்வைச் சொல்ல முயன்றவர்கள், வகைக்கெழுவே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவார்கள். வரையறைக்குப் போய்ச் சுவர் கட்டியவர்களுக்குச் சரியான விடை கிடைக்கும்.

இதே பள்ளம் லோபிதாலின் விதியிலும் இருக்கிறது. பூச்சியத்தின் அருகே x² sin(1/x)-ஐ sin x-ஆல் வகுத்தால் எல்லை என்ன? மேலே 0, கீழே 0. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் கை தானாகவே லோபிதாலுக்குப் போகும்: மேலேயும் கீழேயும் வகைக்கெழு காண வேண்டும். கீழே cos x வருகிறது. அது 1-ஐ நெருங்குகிறது. மேலே நாம் இப்போது பார்த்த அந்த ஆடும் சாய்வு வருகிறது. அதற்கு எல்லை கிடையாது. உடனே "எல்லை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். லோபிதாலின் விதி அப்படிச் சொல்வதே இல்லை. வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இருந்தால்தான் அது பேசும். இல்லாவிட்டால் மூலக் கணக்கைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

அதே பின்னத்தை x/sin x என்றும் x sin(1/x) என்றும் இரண்டாகப் பிரியுங்கள். முதல் பகுதியின் எல்லை 1. இரண்டாவதன் எல்லை சாண்ட்விச் தேற்றத்தின்படி 0. இப்போது இரண்டுக்கும் எல்லை இருப்பதால், விடைத்தாளில் நான் அடித்த அந்தப் பெருக்கல் விதியை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். x-க்கு 0.01 போட்டுப் பார்த்தால் பின்னம் −0.00506. எல்லை 0.